தெரிவித்துக்கொள்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்: அலுவலக மெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெயிலைச் சுருக்கமாக எழுத வேண்டும் என்று எனக்குத் திடீர் ஞானோதயம் வந்த வாரத்தில், வேறு பிரிவில் இருந்த ஒரு மூத்தவருக்கு இரண்டே வரி அனுப்பினேன். "செலவுக் கணக்கு வரவில்லை. வெள்ளிக்குள் அனுப்பவும்." பத்து நிமிடத்தில் அவர் என் மேசைக்கே வந்துவிட்டார். "என்ன தம்பி, கோபமா?" என்றார்.

கோபமெல்லாம் இல்லை. அதற்கு முந்தைய வாரம் இதே விஷயத்தைப் பணிவு சொட்டச் சொட்ட அவருக்கு எழுதியிருந்தேன். அதை அவர் கடைசிவரை படிக்கவே இல்லை. அந்த மெயில் இது:

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் பிரிவின் மூன்றாம் காலாண்டுச் செலவுக் கணக்கு இதுவரை இன்னும் வந்து சேரவில்லை என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவர விரும்புகிறேன். ஆகவே, வருகிற வெள்ளிக்கிழமை கடைசி டெட்லைன் என்ற காரணத்தினால், மேற்படி விவரங்களை அதற்கு முன்னதாகவே முன்கூட்டி, கூடிய விரைவில் உடனடியாக அனுப்பி வைக்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்பதையும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். நன்றி."

முதல் மெயிலில் சதை அதிகம். இரண்டாவதில் எலும்பு மட்டும். நிரப்புச் சொற்களை வெட்டக் கிளம்புகிற பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். தமிழில் மரியாதை எந்தச் சொல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் வெட்டுவதுதான் காரணம்.

'என்பதை'க்கு முன்னால் முற்றுப்புள்ளி

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். அதனால் முக்கியமான விஷயத்தைச் சொல்லி முடித்த பிறகும், அதன் வாலில் இன்னொரு வினையைக் கட்டித் தொங்கவிட முடிகிறது. "கணக்கு வரவில்லை" என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் "என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவர விரும்புகிறேன்" என்பது, நான் ஒரு செய்தி சொல்கிறேன் என்ற செய்தி. மெயில் அனுப்பியதிலேயே அது தெரிந்துவிடுகிறதே.

இதற்கு நான் செய்வது எளிது. எழுதி முடித்ததும் Ctrl+F அழுத்தி 'என்பத' என்று தேடுவேன். என்பதை, என்பதையும், என்பதால், என்பது எல்லாம் அகப்படும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் முற்றுப்புள்ளி வைத்துப் பார்ப்பேன். அங்கேயே பொருள் நிறைந்துவிட்டால் மீதி வாலை எடுத்துவிடலாம். "வரவில்லை என்பதை", "முடிந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது" போன்றவை உடனே உதிரும். (குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிட்டோம்.) "நீங்கள் வருவீர்களா என்பதைச் சொல்லுங்கள்" என்ற வாக்கியத்தில் அப்படி வெட்ட முடியாது. அங்கே 'சொல்லுங்கள்'தான் கோரிக்கை.

ஒரு இடத்தில் மட்டும் கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும். "தெரிவித்துக்கொள்கிறேன்" என்பதில் உள்ள 'கொள்' வெறும் அலங்காரம். எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. "கேட்டுக்கொள்கிறேன்" அப்படி அல்ல. "கேட்கிறேன்" என்றால் வினவுவது அல்லது தரச் சொல்வது. 'கொள்' சேர்ந்தால்தான் அது வேண்டுகோள் ஆகிறது. இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டினால், "வரும்படி கேட்கிறேன்" என்று அரைகுறையாக ஒரு வாக்கியம் மிஞ்சும்.

இரட்டிப்பு எங்கிருந்து வருகிறது

கூறியது கூறலையும் மிகைபடக் கூறலையும் நன்னூல் தன் பத்துக் குற்றங்களில் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. மெயிலிலும் அவை இரண்டு நோய்கள்தான். வால் கட்டுவது மிகை. அடுத்தது, ஒரே பொருளை இரண்டு சொல்லால் சொல்வது.

என் மெயிலில் இருந்த "கடைசி டெட்லைன்" எல்லோருக்கும் பழக்கமான வகை. கடன் வாங்கிய சொல்லுக்குத் துணையாக ஒரு தமிழ்ச் சொல்லையும் அனுப்பிவைக்கிறோம். நடு சென்டர், முன்கூட்டியே அட்வான்ஸ், மறுபடியும் ரிபீட் எல்லாம் இந்தக் குடும்பம். இது கண்ணில் பட்டுவிடும். சிரித்துவிட்டு ஒன்றை எடுத்துவிடலாம்.

கண்ணில் படாதது வேறு வகை. தமிழில் பாதி வேலையை விகுதியும் உருபும் செய்துவிடுகின்றன. அதே வேலைக்குத் தனியாக ஒரு சொல்லையும் வைக்கும்போது அது இரட்டிப்பு என்றே நமக்குத் தோன்றுவதில்லை. "குறைந்தபட்சம் 10 பேராவது" என்பதில் 'ஆவது' ஏற்கெனவே குறைந்தபட்சத்தைச் சொல்லிவிட்டது. "சுமார் 20 பேர் அளவில்" என்பதில் சுமார் இரண்டு தடவை வருகிறது. "ஏனென்றால் சர்வர் வேலை செய்யவில்லை என்பதால்" என்று எழுதினால் காரணம் முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது. "வெள்ளிக்கிழமைக்குள் முன்பாக" என்று வந்த ஒரு மெயிலை இரண்டு முறை படித்தேன். வெள்ளிக்கிழமை அனுப்பலாமா, வியாழனே அனுப்ப வேண்டுமா என்று கடைசிவரை புரியவில்லை. இரட்டிப்பால் வரும் உண்மையான தொல்லை இதுதான். வாசிப்பவர் இரண்டு சொல்லுக்கும் இரண்டு பொருள் இருக்கும் என்று நம்பித் தேட ஆரம்பித்துவிடுவார்.

என் மெயிலிலும் அதுவே நடந்தது. "கூடிய விரைவில் உடனடியாக." உடனடியாக என்றால் இப்போதே. கூடிய விரைவில் என்றால் உங்களுக்கு முடிகிறபோது. இரண்டும் ஒரே அவசரம் என்று நினைத்து அடுக்கினேன். வாசித்தவர், மனிதர்தானே, தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் எழுத வேண்டியிருந்தது ஒரு கிழமையும் மணியும். அதை முடிவு செய்யாமல் விட்ட குறையைத்தான் அந்த இரண்டு சொற்களும் மூடியிருந்தன. அதிலிருந்து, இரட்டைச் சொல் கண்ணில் பட்டால் ஒன்றை அழிப்பதற்கு முன் அங்கே என்ன விவரம் விடுபட்டது என்றும் பார்க்கிறேன்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. இரட்டித்து வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது. "தனித்தனி ஃபைலாக அனுப்புங்கள்" என்பதைத் "தனி ஃபைலாக" என்று திருத்தினால் 12 பில்லும் ஒரே ஃபைலில் வந்து சேரும். "அவரவர் மேலாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்" என்பதில் ஒரு 'அவர்' போனால், யாரோ ஒருவருடைய மேலாளர் எல்லோருக்கும் கையெழுத்துப் போட வேண்டி வரும். "உடனுக்குடன்" என்பது ஒவ்வொரு தடவையும் என்ற பொருளைச் சுமக்கிறது. "உடன்" அதைச் சுமக்காது. ஒரு சொல்லை எடுத்தால் பொருள் மாறுகிறது என்றால் அது இரட்டிப்பு இல்லை, இலக்கணம். தொட வேண்டாம்.

வெட்டிய பிறகு மரியாதை எங்கே போயிற்று?

என் இரண்டு வரி மெயிலில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஆனாலும் சுட்டது. காரணம் 'அனுப்பவும்'. இந்த 'உம்' விகுதி அறிவிப்புப் பலகைக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் உரியது. "செருப்பை வெளியே விடவும்", "பெரிய எழுத்தில் நிரப்பவும்." அது யாரிடமும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஒருவருக்கு மட்டும் அனுப்பும் மெயிலில் அது வந்தால் அவரைப் பலகை முன்னால் நிறுத்தியது போல் ஆகிறது. அதன் தலையில் "தயவுசெய்து" வைத்தாலும் குளிர்ச்சி போவதில்லை.

அதே இடத்தில் "அனுப்புங்கள்" என்று எழுதினால் எதிரே ஒரு ஆள் வந்துவிடுகிறார். "அனுப்பிவையுங்கள்" இன்னும் கொஞ்சம் இதம். "அனுப்பித் தாருங்கள்" என்னும்போது எனக்காகச் செய்கிறீர்கள் என்பதும் சேர்ந்துவிடுகிறது. "தாழ்மையுடன்" என்ற சொல் செய்ய முயன்ற வேலையை இங்கே 'தா' என்ற ஒரே எழுத்து செய்துவிடுகிறது. "அனுப்பிவிடுங்கள்" சம நிலையில் இருப்பவருக்குச் சரி. மூத்தவருக்கு அதில் லேசான நெருக்கல் தெரியும். "அனுப்ப முடியுமா?" மிக மென்மையானதுதான். ஆனால் 'முடியாது' என்ற பதிலையும் ஏற்கத் தயாராக இருந்தால் மட்டும் கேளுங்கள். கட்டாயம் வேண்டியதைக் கேள்வியாக்கிவிட்டு, பதில் வரவில்லை என்று பிறகு கோபிப்பது நியாயமில்லை.

எழுவாயும் அப்படித்தான். "நீங்கள் இன்னும் அனுப்பவில்லை" என்பது விரலை நீட்டுகிறது. "எனக்கு இன்னும் வரவில்லை" என்பது நீட்டுவதில்லை. அவர் அனுப்பி எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு அல்லவா?

இதையெல்லாம் அந்த மூத்தவர் போன பிறகு யோசித்து, மூன்றாவது முறையாக எழுதினேன்:

"வணக்கம் ஐயா. உங்கள் பிரிவின் மூன்றாம் காலாண்டுச் செலவுக் கணக்கு எனக்கு இன்னும் வரவில்லை. வெள்ளி காலை எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் சேர்த்து நான் மேலே அனுப்ப வேண்டும். வியாழன் மாலை 4 மணிக்குள் அனுப்பித் தாருங்கள். ஏதாவது ஒரு மாதம் பாக்கி இருந்தால், மற்றதை முதலில் அனுப்பினாலும் போதும். நன்றி."

முதல் மெயிலில் 51 சொற்கள். இதில் 37. ஆனால் அதில் இல்லாத மூன்று விவரங்கள் இதில் இருக்கின்றன: யாருக்கு எதற்காக வேண்டும், எத்தனை மணிக்கு, முடியாவிட்டால் என்ன செய்யலாம். மேலான கவனம், பணிவு, தாழ்மை மூன்றும் போய்விட்டன. அவற்றின் இடத்தில் காரணமும் ஒரு மாற்றுவழியும் இருப்பதால் கட்டளை போல் ஒலிக்கவில்லை. வணக்கத்தையும் நன்றியையும் தொடவில்லை. அவை ஒவ்வொரு சொல்தான். அவற்றை மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. 'தாங்கள்' என்பதை 'நீங்கள்' ஆக்கியது என் துணிச்சல். அவரிடம் நேரில் எப்படிப் பேசுகிறேனோ அப்படியே எழுதினேன். நேரிலும் 'தாங்கள்' என்றுதான் பேசுவீர்கள் என்றால் மெயிலிலும் அதுவே இருக்கட்டும்.

விண்ணப்பம், மேல்முறையீடு, விளக்கக் கடிதம் போன்று கோப்பில் போய்ச் சேரும் கடிதங்களுக்கு இதை அப்படியே பொருத்த வேண்டாம். அங்கே 'மேற்படி'யும் 'கேட்டுக்கொள்கிறேன்' என்ற முடிப்பும் வடிவத்தின் பகுதி. இரட்டிப்பை மட்டும் நீக்கினால் போதும்.

வியாழன் மாலை 3:50க்கு அவரிடமிருந்து இரண்டு மாதக் கணக்கு வந்தது. கூடவே ஒரு வரி: "மீதி ஒரு மாதம் நாளை காலை முதல் வேலையாக முதலில் அனுப்பிவிடுகிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."