சுதந்திர தின வாழ்த்து: குடியிருப்போர் குழுவில் சண்டை வராமல் இருக்க

மதுரையில் எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஆகஸ்ட் 15 அன்று தகராறு கிளம்புவது வாசகத்தால் அல்ல, படத்தால்தான். பார்வர்டு படத்தின் மூலையில் ஒரு கட்சித் தலைவர் முகம் சின்னதாக இருக்கும். பதிலுக்கு இன்னொருவர் முகம் வரும்.

இப்போது படத்தை நாங்களே செய்கிறோம். மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, மூன்றும் சம அகலம். நடுவில் 24 ஆரங்களுடன் கருநீலச் சக்கரம். கொடியின் மேல் எழுத்து கூடாது என்பது கொடி விதி, அதனால் வாழ்த்து கொடிக்குக் கீழே. பின்னணி வெள்ளைதான், காவியோ பச்சையோ தனியாக நிறைந்தால் கட்சி நிறமாகப் படும்.

தியாகிகள் படம் போடுவது நல்ல எண்ணம்தான். ஆனால் ஒருவரைப் போட்டால் "எங்க ஊர்த் தியாகி எங்கே?" என்று கேள்வி வரும். ஊர் நிகழ்வு ஒன்றை எழுதுங்கள்: 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது மதுரையில்தான்.

வாசகம் இவ்வளவு போதும்: "அனைவருக்கும் சுதந்திர தின வாழ்த்துகள். காலை 8 மணிக்கு வாசலில் கொடியேற்றம், குழந்தைகளோடு வாருங்கள்." ஆட்சியைப் பாராட்டும் வரியும் வேண்டாம், "உண்மையான இந்தியன் என்றால் பகிருங்கள்" என்பதும் வேண்டாம்; பகிராதவரைக் குற்றவாளி ஆக்குவது அந்த வரிதான்.

முந்தின இரவே இதை அட்மின் பதிவிட்டுவிட்டால், மற்றவர்கள் அதற்கே பதில் வாழ்த்து போடுவார்கள்.