போன் தொலைந்ததும் முதல் வேலையாக அதை அழிக்காதீர்கள்

திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். போன் தொலைத்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் பெரும்பாலும் எங்களைப் போன்ற கடைக்குத்தான் வருகிறார்கள். கவுண்டரில் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் அவர்களுக்கு உதவப் போய், ஏற்கெனவே பல பேர் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்து வையுங்கள், பாஸ்வேர்டை மறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிட்டு, தொலைந்த பிறகு எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில் நடக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எடுத்ததும் அழிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வாடிப்பட்டியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறி, வாடிப்பட்டியில் இறங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பையைப் பார்த்தால் போன் இல்லை. அவருடைய அக்கா மகன் உடனே தன் போனில், தொலைந்த போனைத் தேடும் கூகுளின் Find Hub-ஐத் திறந்து, சித்தியின் கணக்கில் நுழைந்துவிட்டான். அதுவரை சரி. மேப்பில் புள்ளி கொடைரோட்டைத் தாண்டி திண்டுக்கல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. "சித்தி, எவனோ எடுத்துக்கிட்டு ஓடுறான்" என்று சொல்லி முதலில் சிம்மை பிளாக் செய்யச் சொன்னான். கம்பெனி அதைச் செய்து முடிப்பதற்குள் Factory reset-ஐ அழுத்திவிட்டான். "கவலைப்படாதீங்க, எல்லாத்தையும் அழிச்சுட்டேன்" என்று ஆறுதலும் சொல்லியிருக்கிறான்.

அந்தப் புள்ளி நகர்ந்தது பஸ் போகிற அதே ரோட்டில், பஸ் போகிற அதே வேகத்தில். போன் சீட்டுக்கும் பக்கத் தகரத்துக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. திண்டுக்கல் வந்ததும் கண்டக்டர் கண்ணில் பட்டு, அவர் அதை பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரிடம் கொடுத்துவிட்டார். யாராவது கூப்பிடுவார்கள் என்று அவர்களும் காத்திருந்திருக்கிறார்கள். சிம் செத்துவிட்டது, அழைப்பு வரவில்லை. திரையிலோ புதுப் போனைத் திறந்தால் வருகிற வரவேற்புப் பக்கம் நிற்கிறது. யாருடைய போன் என்று கண்டுபிடிக்க அதில் எதுவுமே இல்லை.

ஆண்ட்ராய்டில் அழிக்கும் கட்டளை போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், Find Hub-இல் அதற்கு மேல் அந்த போனின் இருப்பிடம் தெரியாது. ரிங் அடிக்க முடியாது, திரையில் செய்தி போட முடியாது. அக்காவுக்கு போன் இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கிடைத்தது. டைம் கீப்பர் அறையில் நேரில் போய்க் கேட்டதால் கிடைத்தது. ஆனால் நோட்டில் எழுதாமல் போனிலேயே படம் பிடித்து வைத்திருந்த வாடிக்கையாளர்களின் அளவுகள், பிளவுஸ் டிசைன்கள் எதுவும் இல்லை. கணக்கில் இடம் நிரம்பிவிட்டதால் பேக்கப் எப்போதோ நின்றுபோயிருந்தது. தீபாவளித் துணிக்கு அளவு கொடுத்தவர்களை எல்லாம் அவர் மறுபடி வரச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பையன் செய்திருக்க வேண்டியது Mark as lost. சில திரைகளில் அது Secure device என்று இருக்கும். அதை அழுத்தினால் போன் பூட்டிக்கொள்ளும்; பூட்டிய திரையில் நாம் கொடுக்கும் செய்தியும் இன்னொரு போன் நம்பரும் தெரியும். "இது என் போன், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று தமிழிலேயே எழுதலாம். கண்டக்டர் அதைப் பார்த்திருந்தால் போன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்திருக்கும். அதே பக்கத்தில் போனின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள தகவல் குறியைத் தொட்டால் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் கிடைக்கும். அந்த எண் அச்சிட்ட போன் பெட்டியைத் தொலைத்தவர்கள் முதலில் இங்கே பாருங்கள். எண்ணை எழுதிக்கொண்டு, மேப்பையும் நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்படியென்றால் அழிக்கவே கூடாதா? அழிக்கலாம், ஆனால் கடைசியில். போன் திரும்பாது என்று தெரிந்து, புகாரும் கொடுத்து, எண்களும் கையில் இருக்கும்போது அழியுங்கள். போனில் நெட் இல்லையென்றால் கட்டளை காத்திருந்து, நெட் வரும்போது வேலை செய்யும். உள்ளே மெமரி கார்டு இருந்தால் அதில் உள்ளது அழியாமல் போகலாம். திரைப் பூட்டே இல்லாத போன் என்றாலும், திறந்திருந்தபோது கையிலிருந்து பறித்துக்கொண்டு போயிருந்தாலும்கூட முதலில் பூட்டத்தான் முயல வேண்டும். பூட்டு விழவில்லை, உள்ளே வங்கி ஆப்களும் ஆவணங்களும் இருக்கின்றன என்றால் மட்டும் தயங்காமல் அழித்துவிடுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அழித்த பிறகும் அதைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். நீக்கினால், உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் வேறு யாரும் போனைப் பயன்படுத்த முடியாதபடி வைக்கும் Activation Lock போய்விடும். எடுத்தவனுக்கு வேண்டியது அதுதான்.

சிம்மை முதலில் பிளாக் செய்வது, அல்லது நாளைக்கு என்று விடுவது

இரண்டுமே தவறு. சிம்மை நிறுத்தியதும் போனின் மொபைல் டேட்டா நின்றுவிடும். பக்கத்தில் தெரிந்த வைஃபை இல்லையென்றால் பூட்டும் கட்டளை போய்ச் சேராது. அதனால் முதலில் பூட்டுங்கள், அடுத்த சில நிமிடங்களிலேயே சிம்மை நிறுத்துங்கள். மேப்பில் புள்ளி நீங்கள் டீ குடித்த கடையிலேயே அசையாமல் நின்றால், ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தலாம். திருடு போனது உறுதி என்றால் அந்தப் பொறுமையும் வேண்டாம்.

"போன் லாக்கில்தான் இருக்கு அண்ணே, என்ன ஆகிடும்" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். லாக் போனுக்குத்தான், சிம்முக்கு இல்லை. சிம்மை உருவி வேறு போனில் போட்டால், உங்கள் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அங்கே வரும். இதில் மோசமான பகுதி நம் ஊர்ப் பழக்கம்தான். போன் கவரின் பின்பக்கத்தில் ஏ.டி.எம். கார்டையும் ஆதார் நகலையும் சொருகி வைக்கிறோம். யு.பி.ஐ. பின்னைப் புதிதாக அமைக்க டெபிட் கார்டின் கடைசி 6 எண்கள், அதன் காலாவதி மாதம், கூடவே ஓ.டி.பி. இருந்தால் பல வங்கிகளில் போதும். ஆதார் வழியாகவும் அமைக்கலாம். அந்தக் கவரோடு போன் போனால் இதில் எதுவுமே வெளியில் தேட வேண்டியதில்லை.

அதே கம்பெனி சிம் உள்ள யாருடைய போனிலிருந்தாவது 198-ஐக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாம். கஸ்டமர் கேர் பேரும் முகவரியும் கேட்பார்கள். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் விவரம்தான் பொருந்தும். அப்பா பெயரில் வாங்கிய சிம் என்றால் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். டூப்ளிகேட் சிம் வாங்கவும் அவர்தான் அசல் அடையாள அட்டையோடு கடைக்கு வர வேண்டும். அடுத்த அழைப்பு வங்கிக்கு: யு.பி.ஐ., மொபைல் பேங்கிங், கவரில் இருந்த கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணை வாங்கி நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கூகுள் கணக்கில் அவசரமாக 'சைன் அவுட்' கொடுப்பது

அந்த போனைக் கணக்கிலிருந்து வெளியேற்றினால் தேடும் வசதியும் சேர்ந்து போய்விடும். பாஸ்வேர்டை மாற்றுவது, சைன் அவுட் எல்லாம் தேடி முடித்த பிறகு.

லொகேஷனைப் பார்த்து நீங்களே கிளம்புவது

பஸ் ஸ்டாண்டு, கடை, ஆஸ்பத்திரி என்றால் போய்க் கேளுங்கள். தெரியாத வீடு என்றால் போலீசோடு மட்டும்.

போலீசில் "தொலைந்துவிட்டது" என்று எழுதிக் கொடுப்பது

பறித்துக்கொண்டு போனதையும் தொலைந்தது என்றே எழுதிவிடுகிறார்கள்; கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டாம் என்ற எண்ணம். தொலைந்ததற்கு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், அது போதும். திருட்டுக்கும் பறிப்புக்கும் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். போனுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அது இல்லாமல் பெரும்பாலும் நகராது. "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது என்று மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

புகாரில் மாடல், நிறம், போன் நம்பர், கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும், இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்களும் இருக்க வேண்டும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண் உண்டு. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வந்து, பிறகு திருத்தச் சொல்லி மறுபடி ஸ்டேஷனுக்கு நடப்பவர்களைப் பார்க்கிறேன். வீட்டில் ஒரே மாடல் இரண்டு இருந்தால் பெட்டி மாறிவிடும். மற்ற போனில் `*#06#` அடித்து, அதன் எண்ணோடு ஒப்பிட்டு, எது யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

டூப்ளிகேட் சிம் கைக்கு வந்த உடனே சி.இ.ஐ.ஆரில் உட்காருவது

ceir.gov.in மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தளம். சஞ்சார் சாத்தி மூலமாகவும் அங்கே போகலாம். இங்கே பதிவு செய்தால் அந்த ஐ.எம்.இ.ஐ. இந்தியாவில் எந்தக் கம்பெனி சிம்மிலும் வேலை செய்யாது. யாராவது புது சிம் போட்டால் அந்தத் தகவல் போலீசுக்குப் போகும். பிளாக் செய்துவிட்டால் போலீஸ் கண்டுபிடிக்க முடியாது என்று சிலர் பயந்து தள்ளிப் போடுகிறார்கள், அப்படி இல்லை.

ஆனால் பதிவு செய்ய உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். மாற்றி வாங்கிய சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. சிம் மோசடியைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. இது தெரியாமல் எங்கள் கடைப் பையன்கள் அதே நாளில் முயன்று, ஓ.டி.பி. வரவில்லை, சைட் சரியில்லை என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் வரச் சொல்லுங்கள். புகார் நகல், பில், அடையாள அட்டை மூன்றையும் படமாகத் தயார் வைத்துக்கொண்டால் ஃபார்ம் பத்து நிமிட வேலைதான். முடிவில் வரும் கோரிக்கை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் தடையை நீக்க அதுதான் வேண்டும்.

"உங்கள் போன் கிடைத்துவிட்டது" என்று வரும் லிங்க்

தொடாதீர்கள். பூட்டிய திரையில் நீங்கள் போட்ட நம்பரைப் பார்த்துத்தான் அதை அனுப்புகிறார்கள், கேட்பது உங்கள் பாஸ்வேர்டை.

கிடைத்த போனில் சிம்மைப் போட்டுப் பார்ப்பது

ஸ்டேஷனில் போனை வாங்கியதும் சிம்மைப் போட்டு, நெட்வொர்க் வரவில்லை, போன் பழுது என்று கடைக்கு வருகிறார்கள். சி.இ.ஐ.ஆரில் தடை இன்னும் நீங்கவில்லை, அவ்வளவுதான். போன் கிடைத்ததை ஸ்டேஷனில் பதிவு செய்துவிட்டு, அதே தளத்தில் Un-Block பகுதியில் கோரிக்கை எண்ணைக் கொடுங்கள். தடை நீங்கிய பிறகு சிம்மைப் போடுங்கள்.