வறுமைப் பொறி என்று சொல்லுமுன்: தாராவியின் ஓர் இட்லிக் கணக்கும் நாம் செய்யும் தவறுகளும்

தாராவியின் தமிழர் பகுதிச் சந்துகளில் விடியற்காலை நான்கு மணிக்கே இட்லிப் பானைகளின் ஆவி எழுந்துவிடும். ஏழு மணிக்குள் அந்த இட்லிகள் சைக்கிளிலும் தலைச்சுமையாகவும் மும்பையின் பல தெருக்களுக்குப் போய்விடும். அங்குள்ள ஒரு பெண்கள் சேமிப்புக் குழுவுக்குச் சில ஆண்டுகளாகக் கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்தக் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது அக்கறை உள்ளவர்கள் எல்லோரும் ஒரே வட்டத்தைத்தான் வரைகிறார்கள். வருமானம் குறைவு, அதனால் சேமிப்பு இல்லை, உடம்பு கெடுகிறது, பிள்ளை பள்ளியை விட்டு நிற்கிறது, அதனால் மறுபடியும் வருமானம் குறைவு. அம்புக்குறிகள் சுற்றி வந்து சேர்ந்ததும், 'இது வறுமைப் பொறி' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். என்னுடைய முதல் அறிக்கையிலும் அந்த வட்டம் இருந்தது.

அந்த வட்டத்தில் வரும் ஒவ்வோர் அம்பும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பொறி இல்லாமல் போகலாம். முதல் தவறு இங்கேதான் நிகழ்கிறது. ஓர் அம்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, அது எவ்வளவு வலுவானது என்றும் கேட்க வேண்டும். ஒரு குடும்பத்தின் வருமானம் இந்த ஆண்டு 10,000 ரூபாய் குறைகிறது என்று கொள்வோம். உடல்நலம், சேமிப்பு, படிப்பு ஆகிய எல்லா வழிகளையும் சேர்த்துப் பார்த்தால், நூறு ரூபாய் இழப்பு அடுத்த ஆண்டில் நாற்பது ரூபாய் இழப்பாகத் திரும்பி வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடுத்த ஆண்டு 4,000 ரூபாய் குறையும், அதற்கு அடுத்த ஆண்டு 1,600, பிறகு 640 என்று அடி தேய்ந்துகொண்டே போய் அடங்கிவிடும். மொத்த இழப்பு ஏறக்குறைய 16,700 ரூபாய். இது கொடுமையான இழப்புதான் என்றாலும் குடும்பம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. பொறி என்று சொல்வதற்கு, வருமானத்தின் ஏதோ ஒரு பகுதியிலாவது நூறு ரூபாய் இழப்பு நூறுக்கு மேற்பட்ட இழப்பாகத் திரும்பி வர வேண்டும். அப்போதுதான் ஒரே மாதிரியான இரண்டு குடும்பங்களில் ஒன்று ஓர் எல்லைக்குச் சற்றுக் கீழே தொடங்கியதால் மட்டுமே கீழேயே தங்கிவிடும், மற்றொன்று மேலேறிவிடும். பல தலைமுறைகளாக ஒரு குடும்பம் ஏழையாக இருப்பது மட்டும் இதற்குச் சான்றாகாது. கூலியே மிகக் குறைவாக இருக்கும் தொழிலில், எங்கே தொடங்கினாலும் எல்லோரும் ஏழையாகத்தான் இருப்பார்கள். அங்கே மாற வேண்டியது தொழிலும் கூலியும்தான். ஒருமுறை கைதூக்கி விடுவதால் அங்கே பயன் விளையாது.

அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தேடும்போது பலரும் முதலில் சாப்பாட்டைக் காட்டுகிறார்கள். வயிறு நிறையாததால் உழைக்க முடியவில்லை, உழைக்க முடியாததால் வயிறு நிறையவில்லை என்பது கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் மகாராஷ்டிரக் கிராமங்களின் 1983ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டு சங்கர் சுப்ரமணியனும் ஆங்கஸ் டீட்டனும் 1996இல் வெளியிட்ட ஆய்வு வேறு ஒன்றைச் சொல்கிறது. ஒரு நாள் வேலைக்குக் கூடுதலாகத் தேவைப்படும் கலோரிகளை வாங்க, அந்த நாளின் கூலியில் ஐந்து சதவீதம்கூட ஆகவில்லை. இரத்தச்சோகையும் குழந்தைப் பருவச் சத்துக்குறைவும் பிற்கால உழைப்பைப் பாதிக்கின்றன என்பது வேறு விஷயம், அதை மறுக்க முடியாது. அன்றாடக் கலோரிக் குறைவுதான் குடும்பத்தைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது.

எனக்குத் தெரிந்தவரை எல்லை அதிகமாக ஒளிந்திருக்கும் இடம், சில்லறையாக வாங்க முடியாத ஒரு பொருளும், எதிர்பாராமல் வரும் ஒரு செலவும் சந்திக்கும் இடம். அதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்களைக் கணக்கு எளிதாக வரும்படி நானே அமைத்திருக்கிறேன். கணவன் மனைவி இருவரும் வீட்டுக் கிரைண்டரில் நான்கு தடவை மாவு அரைத்து இட்லி விற்கிறார்கள். எல்லாச் செலவும் போக நாளொன்றுக்கு 50 ரூபாய் மிஞ்சுகிறது. ஒரு பெரிய கிரைண்டர் இருந்தால் இரு மடங்கு இட்லி போடலாம், அப்போது மிச்சம் நாளுக்கு 150 ரூபாய் ஆகும். அதன் விலை 30,000. ஏறத்தாழ 150 நாளுக்கு ஒருமுறை வீட்டில் ஏதாவது நடந்து 8,000 ரூபாய் போய்விடுகிறது. மழைக்காலத்துக் காய்ச்சலாக இருக்கலாம், ஊரில் ஒரு சாவாக இருக்கலாம்.

150 நாளில் அவர்கள் சேர்ப்பது 7,500, இழப்பது 8,000. ஆகவே வெறுங்கையோடு தொடங்கும் குடும்பம் எத்தனை ஆண்டு உழைத்தாலும் கிரைண்டரை எட்டாது. சரி, ஒரு தொண்டு அமைப்பு 20,000 ரூபாய் இனாமாகக் கொடுக்கிறது என்று கொள்வோம். அந்தத் தொகை 150 நாளில் 27,500 வரை ஏறுகிறது, அப்போது 8,000 செலவு வந்து 19,500 ஆக இறங்குகிறது. அடுத்த முறை அது 27,000 வரைதான் ஏறும், அதற்கடுத்த முறை 26,500 வரைதான். கிரைண்டரின் விலையைத் தொடாமலேயே பணம் மெல்லக் கரைகிறது. இப்போது 20,000க்குப் பதிலாக 23,000 கொடுத்துப் பாருங்கள். 140ஆம் நாளில் 30,000 கைக்கு வந்து, செலவு வருவதற்கு முன்பே கிரைண்டர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதன்பின் மிச்சம் நாளுக்கு 150 என்பதால், உடனே வரும் முதல் செலவுக்குக் கடன் வாங்க நேர்ந்தாலும் அதை அடைத்து, அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு 8,000 செலவையும் தாண்டி அவர்கள் மேலே போகிறார்கள். எல்லை 22,500இல் இருக்கிறது. அதற்குக் கீழே கொடுத்தது வீண் போகிறது, அதற்கு மேலே கொடுத்தது நிலைக்கிறது.

இங்கே ஒரு தவறு மிகவும் எளிதாக நடந்துவிடுகிறது. 20,000 கொடுத்து மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தவர்கள், 'இவர்களுக்குப் பணம் கொடுத்துப் பயனில்லை, செலவழித்துவிடுவார்கள்' என்று முடிவு கட்டுகிறார்கள். நான் எழுதிய கணக்கில் அந்தக் குடும்பம் ஒரு ரூபாய்கூட வீணாக்கவில்லை. வங்கதேசத்தில் 2007 முதல் மிக ஏழைக் கிராமப்புறப் பெண்களுக்குப் பசுமாடு போன்ற சொத்துகளைக் கொடுத்து, பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. ஏறக்குறைய ஒரே மதிப்புள்ள சொத்தைத்தான் எல்லோரும் பெற்றார்கள். ஏற்கெனவே கையில் சிறிது சொத்து இருந்ததால் ஓர் அளவைத் தாண்டியவர்கள் பொதுவாக மேலும் ஏறினார்கள், தாண்டாதவர்கள் பழைய நிலையை நோக்கிச் சரிந்தார்கள். எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அது கடனையே பொறியாக நினைப்பது. மேலே சொன்ன குடும்பத்தில் சேமிப்பு இல்லாத நேரத்தில் 8,000 தேவைப்பட்டால், தண்டல்காரரிடம் போவார்கள். பத்தாயிரம் என்று பெயருக்கு எழுதி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார். நாள்தோறும் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 'வட்டி பத்துப் பெர்சண்ட்தானே' என்று சொல்வார்கள். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால் அது ஆண்டுக்கு எண்பது சதவீதத்தை ஒட்டி வருகிறது. அதைவிட முக்கியமானது, நாளுக்கு 50 மிஞ்சும் வீட்டில் நாளுக்கு 100 கட்ட முடியாது, ஆகவே இரண்டாவது தண்டல் வாங்கித்தான் முதல் தண்டல் அடையும். குழுவில் ஓர் அக்கா என்னிடம் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "தம்பி, காய்ச்சல் ஒரு வாரத்துல போயிருச்சு. தண்டல்காரன் இன்னும் வந்துட்டுதான் இருக்கான்."

அப்படியானால் கடனை அடைத்துவிட்டால் போதுமா? இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் அதிவட்டிக் கடனை முழுவதுமாக அடைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பெரும்பாலோர் ஆறு வாரத்திற்குள் மீண்டும் கடன் வாங்கியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு அவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம். என் கணக்கிலும், கடனை அடைத்தால் குடும்பம் பூஜ்யத்துக்குத்தான் வருகிறது, 22,500க்கு வருவதில்லை. அடுத்த காய்ச்சலில் மறுபடி அதே வாசலுக்குத்தான் போகும்.

இப்போது அதே குடும்பத்துக்கு இனாம் எதுவும் கொடுக்காமல், மருத்துவச் செலவை மட்டும் 8,000இலிருந்து 3,000ஆகக் குறைத்துப் பாருங்கள். 150 நாள் கொண்ட ஒரு சுற்றுக்கு 4,500 நிற்கிறது. ஐந்து சுற்று முடிந்தால் 22,500, ஆறாவது சுற்றின் முடிவில், செலவு வருவதற்கு முன், 30,000 கையில் இருக்கும். வெறுங்கையோடு தொடங்கி முப்பது மாதத்தில் கிரைண்டர் வாங்கிவிடுகிறார்கள். பொறியே காணாமல் போய்விட்டது, அவர்களுடைய உழைப்பிலோ சிக்கனத்திலோ எந்த மாற்றமும் இல்லை. மாவு அரைத்துக் கொடுக்கும் மிஷின் கடை ஒன்று பக்கத்துச் சந்தில் இருந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று அரைக்க முடிந்தாலும் இப்படித்தான். கிரைண்டர் என்ற பெரிய பொருள் சில்லறையாக உடைந்துவிடுகிறது, எல்லையும் மறைகிறது. ஆகவே ஒரு பொருளை மொத்தமாகத்தான் வாங்க முடியும் என்று மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யாமல், வாடகைக்கோ பழைய பொருளாகவோ பங்காகவோ கிடைக்கிறதா என்று சந்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

என் கணக்கில் செலவு கடிகாரம்போல 150 நாளுக்கு ஒருமுறை வந்தது. உண்மையில் இரண்டு காய்ச்சல் அடுத்தடுத்து வரலாம், ஓராண்டு முழுவதும் ஒன்றும் வராமலும் போகலாம். ஆகவே நிஜ வாழ்க்கையில் எல்லை என்பது துல்லியமான ஒரு தொகையாக இருக்காது. அதற்கு மேலே தப்பும் வாய்ப்பு அதிகம், கீழே சரியும் வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே சொல்ல முடியும்.

நாட்டைப் பற்றிப் பேசும்போது இதே வட்டத்தை அப்படியே பெரிதாக்குவதும் ஒரு தவறு. 'ஒரு நாடு ஏழையாக இருப்பதால்தான் ஏழையாக இருக்கிறது' என்ற கருத்தைப் பொருளாதார அறிஞர் ராக்னர் நர்க்ஸ் 1953இல் எழுதினார். அன்று இந்தியாவின் சேமிப்பு உள்நாட்டு உற்பத்தியில் பத்து சதவீதத்தை ஒட்டியே இருந்தது, 2000களின் நடுவில் அது முப்பது சதவீதத்தைத் தாண்டியது. சேமிப்பு குறைவு என்பது நாட்டைப் பூட்டி வைக்கும் பூட்டாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஒரு வீட்டில் இருக்கும் பொறி நாட்டில் இல்லாமலும் இருக்கலாம்.

படிப்பில் நடப்பது இன்னும் வேதனையானது, ஏனென்றால் அங்கே எல்லை பெரும்பாலும் மனத்தில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால்தான் வேலை, நடுவில் நின்றால் படித்ததெல்லாம் வீண் என்று பெற்றோர் நம்புகிறார்கள். ஆய்வுகளின் பொதுவான முடிவு வேறு: ஒவ்வோர் ஆண்டுப் படிப்பும் தன் அளவுக்கு வருமானத்தைக் கூட்டுகிறது. ஆனால் அந்த நம்பிக்கையின்படி, பணம் பற்றாத வீட்டில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அதற்கே எல்லாவற்றையும் செலவிடுகிறார்கள், மற்றப் பிள்ளை எட்டாம் வகுப்போடு மாவு அரைக்க வந்துவிடுகிறது. இல்லாத எல்லையை நம்பி அந்தப் பிள்ளைக்கு உண்மையான எல்லையைக் கட்டிவிடுகிறோம். குழுவின் கூட்டத்தில் இதை ஒருமுறை எண்களோடு எடுத்துச் சொன்னேன். மேலே நான் சொன்ன அதே அக்கா தன் இரண்டாவது மகளைப் பற்றிக் கேட்டார்: "ஒம்பதாவது மட்டும் முடிச்சாக்கூட நல்லதா தம்பி?" நல்லதுதான் என்றேன். அந்த ஜூன் மாதம் பள்ளிக்கான நோட்டுச் செலவு என்று 400 ரூபாயை அவர் பெயரில் எழுதினேன்.