முதலில் மில்லிசெகண்டைத் தேடுங்கள்

கேம் டெவலப்பரின் ரெஸ்யூமேயைப் பணி அறிவிப்போடு ஒப்பிடும்போது, செயல்திறன் மேம்பாட்டைப் பற்றிய வரியை முதலில் படியுங்கள். ‘எஃப்பிஎஸ்ஸை, அதாவது நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கையை, இரு மடங்காக்கினேன்’ என்பதில் பிடிமானம் எதுவும் இல்லை. ‘நடுத்தர ஆண்ட்ராய்டு போனில், சண்டைக் காட்சியில் தோட்டாக்களை ஓயாமல் உருவாக்கி அழிப்பதே தடை என்று யூனிட்டி எஞ்சினின் புரொஃபைலரில் கண்டு, அவற்றை மறுபயன்பாட்டுக்கு மாற்றி, ஃபிரேம் நேரத்தை 22 மில்லிசெகண்டிலிருந்து 15-க்குக் குறைத்தேன், அந்தப் பதிப்பே வெளியானது’ என்ற வரியோ, அறிவிப்பு கேட்கும் எஞ்சின் அனுபவம், வெளியீட்டு அனுபவம், செயல்திறன் மேம்பாடு மூன்றையும் ஒருசேரக் காட்டிவிடுகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்டே, ஆகவே அந்த 15 இலக்கை எட்டிய எண் என்பதும் புலப்படும். உண்மையில் அளந்து பார்க்காதவர், சாதனம், காரணம், எண் மூன்றையும் இப்படிப் பொருந்த எழுதுவது அரிது. புதியவர்களுக்கும், ரகசிய ஒப்பந்தத்தால் விவரம் எழுத இயலாதவர்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. அவர்களை நேர்காணலில் கேட்டறிவதே முறை.