லீவ் லெட்டரோட கடைசி நாலு வரி எப்படி எழுதுறது?

லீவ் எதுக்கு, எத்தனை நாள்னு எல்லாம் எழுதிட்டு கடைசில வந்து நிக்கிறவங்க நிறைய பேரு. நன்றி முதல்லயா ஃபோன் நம்பர் முதல்லயா, இப்படிக்கு எங்க வரணும்னு குழப்பம். காய்ச்சலுக்கு ரெண்டு நாள் லீவ் கேக்குற கவிதாவோட ஆபீஸ் லெட்டரையே வச்சுப் பார்ப்போம்.

முதல்ல நம்பர். இது நன்றிக்கு முன்னாடி, தனி வரியா வரணும், ஏன்னா இது இன்னும் விஷயம்தான், நன்றி சொன்னா பேச்சு முடிஞ்சுது. நான் ஒருதடவை "எந்நேரமும் தொடர்பு கொள்ளலாம்"னு எழுதித் தொலைச்சு, படுத்திருந்த ரெண்டு நாளும் ஃபோன்லயே போச்சு. அதனால நேரத்தையும் சேர்த்து எழுதிருங்க.

அடுத்து நன்றி, அப்புறம் இப்படிக்கு:

```
அவசரமெனில் காலை 10 முதல் 12 மணி வரை
98XXXXXXXX என்ற எண்ணில் அழைக்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
கவிதா
```

"உண்மையுள்ள"ங்கிறது பாதில நிக்கிற சொல்லு, யாருன்னு கேட்டா கீழ இருக்குற பேர்தான் பதில், உண்மையுள்ள கவிதான்னு சேர்த்துப் படிக்கணும். அதனால அதுக்கும் பேருக்கும் நடுவுல கையெழுத்தைத் தவிர எதையும் நுழைக்காதீங்க, சிலர் நன்றியை அங்க கொண்டுபோய் வைப்பாங்க, அப்ப அறுந்துபோகுது. ஸ்கூல் லெட்டர்னா "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி"ன்னு வரும். ஆபீஸுக்கு அது வேணாம், கெஞ்சுற மாதிரி இருக்கும். மேல "உங்கள்"னு எழுதிட்டு கீழ "தங்கள்"னு முடிக்காம ஒண்ணையே பிடிச்சுக்கோங்க. தேதி மேலயே போட்டிருந்தா கீழ திரும்ப போட வேணாம்.

இங்கிலீஷ்ல இப்படிக்குன்னு தனியா ஒரு சொல்லு கிடையாது, நேரா முடிப்புதான்:

```
If urgent, please call me on 98XXXXXXXX
between 10 a.m. and 12 noon.

Thank you.

Yours faithfully,
(signature)
Kavitha
```

இதுல எந்த முடிப்புங்கிறதை லெட்டரோட ஆரம்பம்தான் முடிவு பண்ணும். டியர் சார், டியர் மேடம்னு பேரில்லாம ஆரம்பிச்சா ஃபெய்த்ஃபுலி, பேரு போட்டு ஆரம்பிச்சா சின்சியர்லி. இது பிரிட்டிஷ் பழக்கம், அமெரிக்கால பெரும்பாலும் சின்சியர்லிதான். ரெண்டாவது சொல்லு சின்ன எழுத்துல ஆரம்பிக்கணும். யுவர்ஸ்ல எஸ்ஸுக்கு முன்னாடி மேல கமா மாதிரி ஒண்ணு வைப்பாங்க பாருங்க, அது தப்பு.

"தேங்கிங் யூ"ன்னு கமா போட்டு முடிக்கிறது பழைய ஸ்டைல், முன்னாடி அதுக்கப்புறம் "ஐ ரிமெயின்"னு வந்து வாக்கியம் முடியும், இப்ப அந்த வாலை விட்டுட்டு தலையை மட்டும் எழுதுறோம். அதுக்குப் பதிலா "தேங்க் யூ"ன்னு முழுசா முடிச்சு ஒரு புள்ளி வச்சா போதும்.

மெயில்ல அனுப்புறதா இருந்தா கையெழுத்து வரியைத் தூக்கிடுங்க, பேருக்குக் கீழ உங்க பதவியைச் சேர்த்துக்கோங்க.