அட்மிஷன் பக்கத் தலைப்பை மாற்றச் சொல்லிப் பள்ளி முதல்வருக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளிக்கு, இணையதள வரிகளைத் திருத்தித் தருகிறேன் என்று நான் முதன்முதலாக எழுதிய கடிதம் மூன்று பக்கம் இருந்தது. அதில் அந்தப் பள்ளியின் இணையதளத்தில் நான் கண்ட பதினான்கு குறைகளை வரிசையாக எழுதியிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தபோது, "வெப்சைட் பண்றவர்கிட்ட குடுத்துட்டோம் சார்" என்று ஆபீஸில் சொன்னார்கள். என் குறைப்பட்டியல், அந்தக் குறைகளைச் செய்தவர் கைக்கே போய்விட்டது. அதற்கு மேல் அதில் ஒன்றும் நடக்கவில்லை. ஃப்ரீலான்ஸாக எழுதுகிறவர்கள் பள்ளிகளுக்கு அனுப்பும் கடிதங்களில் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு இதுதான். முதல்வர் முடிவெடுக்கக்கூடிய ஒரு விஷயத்தைக் கேட்காமல், அவரால் சரிபார்க்கவே முடியாத பல விஷயங்களைக் கொட்டிவிடுகிறோம்.

ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.கே.ஜி. அட்மிஷன் பக்கம் போதும். பெற்றோர் புதிதாகத் தேடி வருவது பெரும்பாலும் அதற்குத்தான். கூகுளில் அந்தப் பக்கம் வரும்போது நீல நிறத்தில் பெரிதாகத் தெரிகிற வரியைத்தான் தலைப்பு என்கிறோம். பல பள்ளிகளில் அது இப்படி இருக்கும்:

```
Home | Welcome to ABC Matriculation Higher Secondary School, Chennai - 42 | Admission Open 2023-24
```

கூகுள் இத்தனை எழுத்து என்று வரம்பு வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டிவிடும். நடைமுறையில் ஆங்கில எழுத்தில் சுமார் 60 வரை தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே உள்ள தலைப்பில் School என்ற சொல்லோடு அந்த 60 முடிந்துவிடுகிறது. ஊரும் தெரியாது, அட்மிஷன் என்ற சொல்லும் தெரியாது. மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு போனில் தேடும் அம்மாவுக்கு வேண்டிய இரண்டு சொல்லும் வெட்டுப்பட்ட பகுதியில் இருக்கின்றன.

இதைக் கடிதத்தில் விளக்க வேண்டியதில்லை, காட்டினால் போதும். போனில் `lkg admission velachery` என்று தேடி, அந்தப் பள்ளி வருகிற இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கலர் பிரின்ட் போட்டு, வெட்டுப்பட்ட இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு. நான் பிறகு எழுதிய கடிதங்களில் அந்தத் தாள்தான் முதலில் இருக்கும். தலைப்பு, மெட்டா, இண்டெக்ஸ் என்று எழுதினால் முதல்வர் அதை வெப்சைட் ஆளிடம் தள்ளிவிடுவார். தன் பள்ளியின் பெயரோடு வரி அறுந்து நிற்பதைப் பார்த்தால் அவரே கேள்வி கேட்பார்.

அடுத்து, நாம் சொல்லும் புதிய தலைப்பு. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல், தேடுவார்கள் என்று நாம் நினைக்கும் சொற்களை எல்லாம் போட்டுவிடுகிறோம். மெட்ரிக் பள்ளிக்கு "சி.பி.எஸ்.இ." என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் "எல்.கே.ஜி. என்ட்ரன்ஸ் டெஸ்ட்" என்றே தலைப்பு எழுதிக் கொடுத்தார். குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தலைப்பைப் பார்த்த எந்த முதல்வரும் கடிதத்தை அங்கேயே மூடிவிடுவார், அது நியாயமும்கூட. "பெஸ்ட் ஸ்கூல் இன் சென்னை" என்பதும் அப்படித்தான். அதை நிரூபிக்கச் சொன்னால் பள்ளியிடம் பதில் இருக்காது. பள்ளி தன் பெயர்ப் பலகையில் எழுதத் தயங்குகிற எதையும் தலைப்பில் எழுதிக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தது இது:

```
<title>LKG Admission 2026-27 | ABC Matric School, Velachery</title>
```

52 எழுத்து. எதற்கான பக்கம், எந்த ஆண்டு, எந்தப் பள்ளி, எந்த ஏரியா, நான்கும் வெட்டுப்படாமல் தெரியும். "சென்னை - 42" என்பது கவரில் முகவரி எழுதத்தான் பயன்படும். தேடுகிறவர்கள் வேளச்சேரி என்றுதான் அடிப்பார்கள்.

ஆண்டைப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைக்காமல் கடிதத்திலேயே சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் அதை மாற்றியாக வேண்டும். பழைய ஆண்டு நின்றால், அட்மிஷன் முடிந்துபோன பள்ளி என்று பெற்றோர் நினைத்துக் கடந்துவிடுவார்கள். மாற்ற ஆள் இல்லை என்றால் ஆண்டை விட்டுவிடுவதே நல்லது.

அப்புறம், தலைப்பை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். நாம் கொடுத்த தலைப்பை கூகுள் அப்படியே காட்டும் என்று உறுதி இல்லை. பக்கத்தின் உள்ளே பெரிதாக இருக்கும் தலைப்பு வரி வேறு மாதிரி இருந்தால், அதை எடுத்துக் காட்டிவிடக்கூடும். பக்கத்தின் மேலே 2023-24 என்று நிற்கும்போது தலைப்பில் மட்டும் 2026-27 என்று எழுதினால் இந்த வம்பு வரும். நம் ஊர்ப் பள்ளித் தளங்கள் பலவற்றில் இன்னொரு சங்கடம்: "அட்மிஷன் ஓபன்" என்பது ஃபிளெக்ஸ் பேனர் மாதிரி ஒரு படமாகவே இருக்கும், கூகுள் எடுத்துக் காட்ட எழுத்தாக இருக்காது. அதனால் பக்கத் தலைப்பு, உள்ளே இருக்கும் தலைப்பு வரி, இரண்டையும் சேர்த்து மாற்றுவதாகவே எழுதுங்கள்.

"முதல் இடத்தில் வர வைக்கிறேன்" என்று ஒரு வரி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது, பள்ளி வருகிற இடத்தில் பெற்றோருக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி இருப்பதுதான். மாற்றம் கூகுளில் தெரியச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நாளே போன் வரும். பலனை எப்படிப் பார்ப்பது என்று அவர் கேட்பார். கூகுளின் Search Console கருவி இருந்தால் அந்தப் பக்கத்துக்கு வந்த கிளிக்குகளை முன்னும் பின்னும் ஒப்பிடலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆபீஸில் இருக்கும் விசாரணைப் பதிவேட்டில் "எப்படித் தெரிந்துகொண்டீர்கள்" என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லலாம். முதல்வருக்கு அது இன்னும் எளிதாகப் புரியும்.

பணத்தை எழுதும்போது மாதச் சம்பளம் மாதிரிக் கேட்காதீர்கள். தளத்தில் இத்தனை பக்கம், ஒரு முறை, இவ்வளவு ரூபாய் என்று ஒரே தொகையாக எழுதுங்கள். தனியார் பள்ளிகளில் செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் பெரும்பாலும் தாளாளர்தான். கடிதம் முதல்வர் பெயருக்கு, நகல் தாளாளருக்கு என்று அடியில் எழுதிவிட்டால் முதல்வர் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேச வசதியாக இருக்கும். தளத்தின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். வெளியாளிடம் இருந்தால், மாற்ற வேண்டிய வரிகளை நான் எழுதித் தருகிறேன், அவர் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடலாம். அவரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நேரம் இன்னொன்று. மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கும்போது இந்தக் கடிதம் மேஜையிலேயே கிடக்கும். தீபாவளி முடிந்து, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் கொடுத்தால் படிப்பார்கள், அட்மிஷன் சீசனுக்குள் வேலையும் முடிந்துவிடும். நான் இரண்டாவது பள்ளிக்கு நவம்பரில் கொடுத்த கடிதத்தின் நடுப்பத்தி இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, உங்கள் பள்ளியின் எல்.கே.ஜி. அட்மிஷன் பக்கம் போனில் எப்படித் தெரிகிறது என்பதை இணைத்துள்ளேன். அதில் ஏரியா பெயரும் அட்மிஷன் என்ற சொல்லும் வெட்டுப்படுகின்றன. அதற்குப் பதிலாக என்ன எழுதலாம் என்பதை அடியில் எழுதியுள்ளேன். அதில் உள்ள விவரங்கள் சரிதானா என்று தாங்கள் ஒரு முறை பார்த்துச் சொன்னால் போதும்."

கடைசி வாக்கியத்துக்குத்தான் பதில் வந்தது. ஏரியா பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் "விஜயநகர்" என்று திருத்தியிருந்தார்கள்.