சுழன்றதா, புரண்டதா?

மூன்று வரிசைகளில் உருவங்கள் ஒரு விதிப்படி மாறிவர, காலியான கட்டத்துக்கு எது பொருந்தும் என்று கேட்பது படக்கட்டப் புதிர். அதில் ஒன்பது கட்டங்களையும் ஒன்றாகப் பார்த்தால் குழப்பம்தான். ஒரே உருவத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நகருங்கள்.

ஆங்கில ‘எல்’ போன்ற வடிவம் என்று வையுங்கள். அதன் மூலையில் விரலை வைத்து, நீளக் கையிலிருந்து குட்டைக் கைக்குக் குறுகிய வழியில் திரும்புங்கள். நேரான ‘எல்’லில் இது கடிகாரத் திசை. எத்தனை பாகை சுழற்றினாலும் அந்தத் திசை மாறாது. மாறினால், கண்ணாடிப் பிம்பம்போல் புரட்டியிருக்கிறார்கள். வட்டம், சதுரத்தில் இந்தச் சோதனை செல்லாது. உள்ளே புள்ளியோ கோடோ இருந்தால் அதைத் தொடருங்கள்.

அப்புறம், காணாமல் போகும் உருவங்கள். முதல் கட்டத்தில் வட்டமும் கூட்டல் குறியும், இரண்டாவதில் வட்டமும் முக்கோணமும், மூன்றாவதில் கூட்டல் குறியும் முக்கோணமும் மட்டும். சரி, வட்டம் எங்கே? இரண்டிலும் இருந்ததால் நீங்கிவிட்டது. இதே விதி இரண்டாம் வரிசைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே விடையைத் தொடுங்கள்.